ஏழாவது தாளில் ஒரு வெள்ளைக் கட்டம்

பதினெட்டு வருடமாக ஆறாம் ஆண்டுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவளை, எழுத்துக் கூட்டத் தெரியாத எட்டுப் பிள்ளைகளோடு ஒரு சின்ன அறைக்குள் தள்ளிவிட்டால் அவள் என்ன செய்வாள்? முதலில் சண்டை போடுவாள். நானும் போட்டேன். எங்கள் பள்ளி பிரிக்ஃபீல்ட்ஸில், மோனோரயில் போகிற சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அன்று அந்தச் சத்தத்தையும் தாண்டி என் குரல் கேட்டதாகச் சிற்றுண்டிச்சாலை அக்கா பிறகு சொன்னார்.

விஷயம் இதுதான். குறைநீக்கல் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார். மூன்று மாதம் அந்த வகுப்பை நான் பார்க்க வேண்டும். என் ஆறாம் ஆண்டைப் புதிதாக வந்த இளம் சார் ஒருவர் பார்த்துக்கொள்வார். முதல் மூன்று ஆண்டுகளில் படிக்கும் பிள்ளைகளில் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களைத் தமிழ், கணிதப் பாடவேளைகளில் மட்டும் பிரித்து அழைத்து வந்து, தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குறைநீக்கல்.

"கணக்கு ஓகே சார். ஆனா தமிழ் வாசிக்க எப்டி சொல்லித் தர்றது? எனக்கு அது தெரியாது லா" என்றேன் தலைமையாசிரியரிடம்.

"உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்தானே டீச்சர்?" என்றார் அவர்.

தெரியும். எனக்கு நீந்தவும் தெரியும். அதற்காக இன்னொருவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? இதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் இந்தப் பதில் தோன்றியது. என் நல்ல பதில்கள் எல்லாமே அந்த நேரத்தில்தான் வரும்.

எட்டுப் பேரில் ஏழு பேர் முதலாம், இரண்டாம் ஆண்டு. அவர்களுக்கு இன்னும் காலம் இருந்தது. ஒருத்தி மட்டும் மூன்றாம் ஆண்டு. எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு இந்த வகுப்பு முடிந்துவிடும். நான்காம் ஆண்டுக்குப் போனால் முப்பது பேரோடு பின்வரிசையில் உட்கார்ந்து, அறிவியலும் வரலாறும் வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது எவ்வளவு நீளமான நாள் என்று ஆறாம் ஆண்டில் நான் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடத் தெரிந்தும், கேள்வியை வாசிக்கத் தெரியாமல் தோற்ற பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆண்டு முடிய நான்கு மாதம்கூட இல்லை. அவளுக்கு இருந்த கடைசி வாய்ப்பு, வேலையே தெரியாத நான்.

உதவி வேண்டுமென்றால் எங்கள் ஊர் ஆசிரியர்களுக்கு ஒரே வழிதான். கைப்பேசிக் குழுவில் 'ஷேர் பண்ணுங்க டீச்சர்' என்று போடுவது. நானும் போட்டேன். ஓய்வுவேளை முடிவதற்குள் கோப்புகள் கொட்டின. பாடத்திட்டம், பயிற்சித்தாள், எழுத்து அட்டவணை. நாலைந்து பாடத்திட்டங்களின் தலைப்பில் வேறு யாருடைய வகுப்பின் பெயரோ அப்படியே இருந்தது. ஒன்றில் ஜெஞ்சாரோம் பக்கத்துப் பள்ளியின் பெயரும், உள்ளே சுங்கை பூலோ பள்ளியின் பெயரும் இருந்தன. அது எத்தனை கை மாறி வந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். எல்லாவற்றையும் அச்சடித்தேன்.

மூன்றாவது நாளே அந்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒரு முழுப் பக்கத்தையும் கணீரென்று வாசித்தாள். மாடு, மரம், பட்டம், பழம். ஒரு தடங்கல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருடம் கணக்கில் வீணாகப் போய்விட்டது, நான் பிறவித் தமிழாசிரியை என்றே நினைத்துவிட்டேன். ஓடிப்போய்த் தலைமையாசிரியரைக் கையோடு கூட்டி வந்தேன்.

அவர் உட்கார்ந்து அவள் வாசிப்பதைக் கேட்டார். தலையாட்டினார். பிறகு தன் கையால் தாளிலிருந்த படங்களை மறைத்தார்.

"இப்ப வாசிம்மா."

அவள் வரிசையாகச் சொன்னாள். மாடு, மரம், பட்டம், பழம். சொற்களைப் பார்க்கவே இல்லை. அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். அப்போதும் மாடு, மரம், பட்டம், பழம். படத்தைப் பார்த்து ஒருமுறை சொன்னவள், வரிசையை மனப்பாடம் செய்துவிட்டாள். மூன்று வருடமாக அவள் இப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. கெட்டிக்காரி. என் ஆறாம் ஆண்டு வகுப்பில்கூட இப்படியொரு ஞாபகசக்தியை நான் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் தாளை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நான் அசடு வழிய நின்றேன்.

அன்று மத்தியானம்தான் கிள்ளான் டீச்சரின் நினைவு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிப் பட்டறையில் அவரைப் பார்த்திருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். கிள்ளானில் பண்டமாரான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் ஆசிரியர். வாசிப்புத் தாளில் சொல்லுக்குப் பக்கத்தில் படம் போடவே கூடாது, பிள்ளை படத்தைத்தான் வாசிக்கும் என்று அவர் அன்றே சொன்னார். தாளை மடித்து, சொல்லை வெளியிலும் படத்தை உள்ளேயும் வைத்திருந்தார். முதலில் வாசி, பிறகு திறந்து சரிபார். நான் பின்வரிசையில் கறிப்பாப் சாப்பிட்டுக்கொண்டு, நமக்கெதற்கு இது என்று உட்கார்ந்திருந்தேன்.

"அவங்களா? தர மாட்டாங்க டீச்சர்" என்றார் ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைக்காரி, நான் பெயரைச் சொன்னதும். "முன்ன குரூப்ல நெறைய ஷேர் பண்ணுவாங்க. அப்புறம் என்ன ஆச்சோ, குரூப்ப விட்டே போயிட்டாங்க. ரொம்ப கெடுபிடி."

தர மாட்டார் என்று சொன்னால் எனக்கு உடனே வாங்கிவிட வேண்டும். பட்டறைக் குறிப்பேட்டில் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. ஆனால் வெறுங்கையோடு எப்படிக் கேட்பது? குறைநீக்கலில் கணக்கும் உண்டு. கணக்குதான் என் கோட்டை. இத்தனை வருடத்தில் சேர்த்த கழித்தல் தாள்களில் நல்லதாகப் பொறுக்கி ஒரு கட்டு செய்தேன். பன்னிரண்டு தாள், எண் அட்டை விளையாட்டு மூன்று, அவற்றுக்கான பாடத்திட்டம். பிறகு ஓய்வுவேளையில் உட்கார்ந்து எழுதினேன்.

'வணக்கம் டீச்சர். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளியில் கணித ஆசிரியை. இப்போது மூன்று மாதத்துக்குக் குறைநீக்கல் வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. என்னிடம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். படம் பார்த்து மனப்பாடமாகச் சொல்கிறாள், எழுத்து தெரியவில்லை. அவளுக்கு இந்த ஆண்டுதான் கடைசி. உங்கள் மடிப்புத் தாள்களையும், அவற்றை வகுப்பில் எந்த வரிசையில் கொடுப்பீர்கள் என்று காட்டும் நாள் பாடத்திட்டங்களையும் தந்து உதவ முடியுமா? முதல் நான்கு வாரத்துக்குரியது போதும். பதிலுக்கு என் கழித்தல் கட்டை இணைத்திருக்கிறேன். எல்லாம் நானே தயாரித்தவை. மாற்றிப் பயன்படுத்த வசதியாகத் திருத்தக்கூடிய கோப்பாகவே அனுப்புகிறேன்.'

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பணிவும் இருந்தது, விவரமும் இருந்தது, சும்மா கேட்கவும் இல்லை. எனக்கே என் மீது மரியாதை வந்தது. அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கொருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். மகளுக்குத் திருமணம் பேசி அனுப்பிய வீட்டில்கூட இவ்வளவு பரபரப்பு இருந்திருக்காது.

மறுநாள் பள்ளி விட்டதும் கடையில் ஒரு கிளாஸ் தேத்தாரே டீ வாங்கி உட்கார்ந்தபோது பதில் வந்தது. மிகவும் சின்னப் பதில்.

'வணக்கம் டீச்சர். கட்டு கிடைத்தது. ஏழாவது தாளைக் கைப்பேசியில் திறந்து, கீழ் ஓரத்தைப் பாருங்கள். நன்றி.'

திறந்தேன். மேலே எங்கள் பள்ளிச் சின்னம், அதன்கீழ் என் பெயர். கூய் பலகாரம் விற்கும் கடையின் படம், பக்கத்தில் கழித்தல் கணக்குகள். கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருந்தது. கிள்ளான் டீச்சரின் பெயர்.

முதலில் எனக்கு வந்தது கோபம், வெட்கம் அதற்குப் பிறகுதான். உதவி கேட்டால் இப்படியா ஓரம் ஓரமாகத் தேடிப் பார்ப்பது என்று அவர் மீதே கோபப்பட்டேன். தேத்தாரே குடித்து முடிப்பதற்குள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் குழுவில் இருந்த காலத்தில் போட்ட தாள் அது. யாரும் தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்று திருத்தக்கூடிய கோப்பாகவே போட்டிருந்தார். நான் எடுத்தேன். அந்த வாரம் மேலதிகாரிகள் வகுப்புப் பார்க்க வருவதாக இருந்தார்கள். கீழே இருந்த பெயர் மீது ஒரு வெள்ளைக் கட்டத்தை வரைந்து மறைத்தேன், மேலே எங்கள் சின்னத்தை ஒட்டினேன். பெயரை அழிக்கக்கூட இல்லை. அழித்தால் தாளின் அமைப்பு கலைந்துவிடும் என்ற சோம்பேறித்தனம். என் மடிக்கணினியில் அந்தக் கட்டம் பெயருக்கு மேலேயே ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. வேறொரு கருவியில் திறந்ததும் இரண்டு விரற்கடை மேலே ஏறிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், சோறு நகர்ந்துவிட்டது.

அதைவிடக் கேவலம், சில வருடத்தில் அது என் தாள்தான் என்று நானே நம்பிவிட்டேன். பன்னிரண்டிலும் அதுதான் மிகச் சிறந்தது என்று கட்டின் நடுவில் பெருமையாக வைத்திருந்தேன். அதை உரியவருக்கே பரிசாக அனுப்பியிருக்கிறேன், 'எல்லாம் நானே தயாரித்தவை' என்ற வரியோடு.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்று மாதம்தானே, எப்படியோ ஓட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மறுநாள் காலை அந்தப் பிள்ளை வந்து, "டீச்சர், இன்னிக்கு புது பேப்பர் இருக்கா? நேத்து உள்ளது எனக்கு முழுசா தெரியும்" என்றாள். புதுத்தாள் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவாள். நான் வெட்கப்பட்டு ஒளிந்தால் நட்டம் எனக்கில்லை, அவளுக்குத்தான்.

இரண்டாவது மின்னஞ்சலை நின்றுகொண்டே எழுதினேன். இந்த முறை இணைப்பு எதுவும் இல்லை.

'டீச்சர், அந்தத் தாள் உங்களுடையது. உங்கள் பெயரை நான்தான் மறைத்தேன். நானே தயாரித்தேன் என்று எழுதியது பொய். மன்னித்துவிடுங்கள். மற்ற பதினொன்றையும் சரிபார்த்தேன், அவை என்னுடையவைதான். உங்களுக்கு என் மேல் நம்பிக்கை வராதது நியாயம். ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை.'

பதிலில் ஒரு கடையின் பெயரும் சனிக்கிழமை காலை பத்து மணி என்றும் இருந்தது. கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகும் வழியெல்லாம், என்ன திட்டப்போகிறார், எதற்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கிள்ளான் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது கடை. அவர் எனக்கு முன்பே வந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒக்காருங்க டீச்சர். சாப்ட்டாச்சா?"

நான் மறுபடியும் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க மட்டுமா செஞ்சீங்க? எங்க ஸ்கூல்லயே ஒரு டீச்சர் என்னோட பேப்பர என்கிட்டயே கொண்டாந்து குடுத்தாங்க லா. 'இது ரொம்ப நல்லா இருக்கு, யூஸ் பண்ணிப் பாருங்க'ன்னு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன்.

"பேரு போனா போவுது. அது இல்ல எனக்குக் கோவம்" என்றார். "அந்த ஏழாவது பேப்பர நீங்க கிளாஸ்ல குடுத்தீங்கதானே? புள்ளைங்க எப்டி செஞ்சாங்க?"

யோசித்தேன். அந்த வருடம் ஆறாம் ஆண்டோடு சேர்த்து, நான்காம் ஆண்டின் பின்தங்கிய சிலரையும் நான் பார்த்துக்கொண்டேன், அவர்களுக்குக் கொடுத்தது. "அஞ்சு கணக்கு வரைக்கும் நல்லா போட்டாங்க. ஆறாவதுல எல்லாருமே மாட்டிக்கிட்டாங்க. நான் கவனிக்காம போடுறீங்கன்னு ஏசுனேன்."

அவர் தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஆறாவது என்னா கணக்கு, ஞாபகம் இருக்கா?"

கைப்பேசியில் திறந்தேன். நாற்பத்து மூன்றில் பதினெட்டு போக. அந்தத் தாள் கடன் வாங்காமல் கழிப்பதற்கு. மூன்றிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது, கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னும் சொல்லித்தராத ஒன்றை நடுவில் கேட்டிருந்தது தாள். தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. கணக்கில் கோட்டை கட்டிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"என் தப்பு. அவசரத்துல போட்டுட்டேன்" என்றார் அவர். "எத்தனையோ ஸ்கூல்ல அந்த பேப்பர் சுத்துது. எத்தனையோ புள்ளைங்க ஆறாவதுல மாட்டி ஏச்சு வாங்கியிருக்கும். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட வந்து, 'டீச்சர், இதுல தப்பு இருக்கு'ன்னு சொல்லல. பேர மறைச்சிட்டா யாருகிட்ட போய் சொல்லுவாங்க? அதான் நிறுத்திட்டேன்."

ஊரே கெடுபிடிக்காரி என்று சொன்னவருக்கு வேண்டியிருந்தது, தப்பு இருந்தால் வந்து சொல்ல ஒருவர், அவ்வளவுதான்.

மடிக்கணினியைத் திறந்தார். நான்கு வாரம் கேட்டேன், பன்னிரண்டு வாரத்துக்குரியது இருந்தது. பாடத்திட்டத்தின் கடைசியில் சிந்தனை மீட்சி என்று ஒரு கட்டம் இருக்கும். பாடம் எப்படிப் போனது என்று ஆசிரியர் எழுத வேண்டும். நாங்கள் எல்லாரும் அங்கே 'எட்டு மாணவர்களில் ஐவர் நோக்கத்தை அடைந்தனர்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அவர் இப்படி எழுதியிருந்தார்: 'இன்று நான் அவசரப்பட்டேன். ஒருவன் அழுதான். ப, ட, ம மூன்று எழுத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.' இன்னொன்றில்: 'மழைச் சத்தம். பாடம் நடக்கவில்லை. கதை சொன்னேன்.' நான் அடுத்தடுத்த கட்டங்களைத் தேடித் தேடிப் படித்தேன். தாளைவிட இதுதான் புதையல்!

"உங்க கழித்தல் கட்டு எனக்கு வேணும். அட்டை விளையாட்டு நல்லா இருக்கு" என்றார். "ஆனா அது மட்டும் பத்தாது. வாரா வாரம் சிந்தனை மீட்சி எழுதி எனக்கு மெயில் பண்ணணும். உண்மைய எழுதணும். அதான் டீல்."

திரும்பி வரும் ரயிலில் நின்றுகொண்டே முதல் வாரத்தைப் படித்து முடித்தேன். கேஎல் சென்ட்ரல் வந்ததே தெரியவில்லை.

முதல் வாரம் பழக்கதோஷத்தில் 'எட்டில் ஐவர் அடைந்தனர்' என்று அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'அந்த மூன்று பேர் யார்?' நல்ல காரமான ஆள். பிறகு ஒழுங்காக எழுதினேன். முழு எழுத்து அட்டவணையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ப, ட, ம என்று மூன்றில் தொடங்கி, அதில் வரும் சொற்களை வாசித்த பிறகே அடுத்த எழுத்தைச் சேர்த்தோம். சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு வேகத்தில் நகர்ந்தார்கள். மூன்றாம் ஆண்டுக்காரி மட்டும் நகரவில்லை. நான்காவது வாரம் எழுதினேன்: 'மடிப்புக்குள் எட்டிப் பார்க்கிறாள். நான் திரும்பும் நேரத்தில் விரலால் தூக்கிவிடுகிறாள். எனக்குக் கோபம் வந்து தாளைப் பிடுங்கிவிட்டேன். அது தப்பு.'

பதிலில் ஒரு புதுத்தாள் இணைப்பாக வந்தது. வெளியில் 'மாடு' என்று இருந்தது, மடிப்புக்குள் கார் படம். 'இதைச் சிரிப்போடு கொடுங்கள். ஏசாதீர்கள்.'

கொடுத்தேன். மேசையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். "கார்!" என்று கத்தினாள். நான் தாளை முழுதாகத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். முதல் எழுத்தைக் காட்டி, "இது என்னா சத்தம்?" என்றேன். அவள் படத்தையும் சொல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. படம் பொய் சொல்லும் என்று அவளுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. "ம்… மா…" என்றாள். அன்று அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினோம்.

அதற்குப் பிறகு எட்டிப் பார்ப்பது குறைந்தது. நம்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதல்லவா? நெற்றியைச் சுருக்கி, விரலை வைத்து, எழுத்தெழுத்தாக வந்தாள். சில நாள் அழுதாள். சில நாள் நான் கத்தினேன், கத்தினேன் என்று எழுதி அனுப்பினேன். கிள்ளானிலிருந்து என் கழித்தல் கட்டுக்கும் பதில் வந்தது. என் நான்காவது தாளில் இடம் போதவில்லையாம், அட்டை விளையாட்டில் பூஜ்யம் குறைகிறதாம். திருத்தி அனுப்பினேன். பதினெட்டு வருடத்தில் என் தாளைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் கருத்து அது. இரண்டு நாளைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பதினோராவது வாரம் ஒரு புதன்கிழமை. அன்றைய மடிப்புத் தாளில் புதுச்சொற்கள், அவளுக்கு நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிக் காட்டாதவை. கொடுத்துவிட்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, தாளோடு நேராக என்னிடம் வந்தாள். இடுப்பில் ஒரு கை.

"டீச்சர், இங்க நண்டுன்னு எழுதியிருக்கு. உள்ள தொறந்தா கொடை வரைஞ்சிருக்கு. இது தப்பு டீச்சர்."

அந்த வாரத் தாளில் மாற்றுப்படம் எதையும் நான் கேட்டிருக்கவில்லை. கிள்ளான் டீச்சர் வேண்டுமென்று வைத்தாரா, அவசரத்தில் மாறி ஒட்டிவிட்டாரா, தெரியாது. எனக்கு அதெல்லாம் முக்கியமாகவே இல்லை. நண்டு என்று அவள் வாசித்திருக்கிறாள். முதலில் வாசித்து, பிறகு திறந்து, படத்தை நம்பாமல் தான் வாசித்ததை நம்பியிருக்கிறாள்.

"நல்லா பாத்தியா? நண்டுதானா?" என்றேன்.

"நண்டுதான் டீச்சர்! ந, ண், டு" என்று விரலை வைத்துக் காட்டினாள், நான்தான் வாசிக்கத் தெரியாதவள் என்பதுபோல. "இத செஞ்சது யாரு? அவங்ககிட்ட சொல்லுங்க."

"கிள்ளான்ல ஒரு டீச்சர். நீயே சொல்லு" என்று பென்சிலை நீட்டினேன்.

அவள் அங்கேயே என் மேசை ஓரத்தில் குனிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். வாசிப்பு நேரம் முடிந்து மணி அடித்தது. மற்ற ஏழு பேரும் போய்விட்டார்கள். அவள் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. எழுதி முடித்ததும், நான் கேட்காமலேயே அதை எனக்கு வாசித்தும் காட்டினாள். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் தொடவில்லை.

அதைப் படமெடுத்துக் கிள்ளானுக்கு அனுப்பினேன். அந்த வாரச் சிந்தனை மீட்சிக் கட்டத்தில் என் வரி ஒன்றுகூட இல்லை. அவள் எழுதியது மட்டும் இருந்தது: 'டீசர் படம் நண்டு இல்ல. குடை. மாத்துங்க.'